பத்து மில்லிவோல்ட்டைப் பிரித்தெடுக்கும் பெருக்கி

எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்கு அடியில் லோட்செல் என்னும் உலோகக் கட்டை இருக்கும். எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் நான்கு ஸ்ட்ரெய்ன் கேஜ்களில் இரண்டு நீளும், இரண்டு குறுகும். 350 ஓம் கொண்ட அந்த நான்கும் ஒரு பிரிட்ஜாக இணைந்தவை.

10 கிலோ தராசு ஒன்றில் பிரிட்ஜுக்கு 5 வோல்ட் கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். தட்டு காலியாக இருந்தால் அதன் இரண்டு வெளியீட்டுக் கம்பிகளும் 2.5 வோல்ட்டில் நிற்கும். முழு எடை ஏறினால் அவற்றிடையே வரும் வித்தியாசம் வெறும் 10 மில்லிவோல்ட், அதாவது கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். இரு கம்பிக்கும் பொதுவான 2.5 வோல்ட்டை ஒதுக்கிவிட்டு வித்தியாசத்தை மட்டும் நூறு மடங்காக்க வேண்டும்.

ஒரே ஆப்-ஆம்ப்பும் நான்கு ரெசிஸ்டர்களும் இதைச் செய்யும், ஆனால் இரண்டு குறைகளோடு. உள்ளீட்டு ரெசிஸ்டர் 1 கிலோஓம் என்றால், பிரிட்ஜின் ஒவ்வொரு கம்பியிலும் உள்ள 175 ஓம் அதோடு சேர்ந்துகொள்ளும். நூறு மடங்கு 85 ஆகக் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை பொருத்தமின்மை. நான்கு ரெசிஸ்டர்களும் 1 சதவீதம் முன்பின் இருந்தால், பொதுவான 2.5 வோல்ட்டில் 1 மில்லிவோல்ட் வரை வித்தியாசம்போல நுழைந்துவிடும். தராசில் அது ஒரு கிலோ! மாறாத பிழையை 'டேர்' பொத்தான் நீக்கிவிடும். வெப்பத்தோடு நகரும் பிழையையும், கம்பிகளில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் மின்இரைச்சலையும் அது நீக்காது.

இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையரில் இரு கம்பிகளும் ஆளுக்கொரு ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டுக்கு நேரே செல்கின்றன. அந்த உள்ளீடுகள் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காததால் பிரிட்ஜுக்குச் சுமை இல்லை. இரண்டுக்கும் நடுவே Rg என்ற ஒரே ரெசிஸ்டர். இரு கம்பிகளும் சேர்ந்து உயர்ந்தால் Rg-இன் இரு முனைகளும் சமமாக உயரும். அதில் மின்னோட்டம் ஓடாது. அதனால் பொதுவான மின்னழுத்தம் பெருகாமல் அப்படியே கடக்கிறது. வித்தியாசம் மட்டும் 1 + 2R/Rg மடங்காகிறது. மூன்றாவது ஆப்-ஆம்ப் பொதுவானதைக் கழித்துவிடுகிறது.

மூன்று ஆப்-ஆம்ப்களை வாங்கி 1 சதவீத ரெசிஸ்டர்களோடு இதைக் கட்டினால் பெரிய பலன் கிடைக்காது. கழிக்கும் கட்டத்தின் பொருத்தமின்மை அப்போதும் அரை கிலோ வரை பிழை தரலாம். ஏடி620 போன்ற சிப்பின் உண்மையான பலம் இங்கேதான். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்கள் லேசரால் செதுக்கிப் பொருத்தப்பட்டவை. ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதால் சேர்ந்தே சூடாகின்றன. வெளியே 499 ஓம் ஒன்றை வைத்தால் நூறு மடங்கு. அதை மாற்றினாலும் உள்ளே இருக்கும் பொருத்தம் கெடாது. பொதுவான மின்னழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கசிவதால், ஒரு கிலோ பிழை 25 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது.

கட்டிய சர்க்யூட்டைச் சோதிப்பது எளிது. இரு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்து, 2.2 வோல்ட்டிலிருந்து 2.8 வோல்ட் வரை மெல்ல நகர்த்த வேண்டும். வெளியீடு அசையக் கூடாது. அசைந்தால், அந்த அசைவை நூறால் வகுத்து வரும் அளவே பொதுவான மின்னழுத்தத்திலிருந்து கசியும் பிழை.