96 மதிப்பெண்ணும் முதல் பக்கத்து ஒரு வரியும்

2011 ஜூலை 25. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜென்சன் ஃபார்ம்ஸ் என்ற பண்ணையின் முலாம்பழக் கூடத்தை ஒரு தணிக்கையாளர் சுற்றிப் பார்த்து, 96 மதிப்பெண் கொடுத்தார். உயர்ந்த தரம் என்ற முத்திரையும் கிடைத்தது. அந்தக் கோடையில் அங்கிருந்து கடைகளுக்குப் போன பழங்களில் லிஸ்டீரியா கிருமி இருந்தது. 28 மாநிலங்களில் 147 பேர் நோயில் விழுந்தார்கள். 33 பேர் இறந்தார்கள்.

அந்தத் தணிக்கை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி இருந்தது: பழம் கழுவும் நீரில் கிருமிநாசினி சேர்க்கப்படவில்லை. அப்போது அது கட்டாய விதி அல்ல, வெறும் பரிந்துரை. அதனால் மதிப்பெண் பட்டியலில் அந்த வரிக்கு மதிப்பில்லாமல் போனது.

எந்த நிறுவனத்திலும் தணிக்கை அறிக்கை முழுவதையும் மேலாளர் படிப்பதில்லை. அதன் மேல் வைத்து அனுப்பும் ஒற்றைத் தாளைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தாள் “மதிப்பெண் 96, சில சிறு குறைகள்” என்று தொடங்கினால், அவர் அதற்கு மேல் எதையும் கேட்கப் போவதில்லை. “கழுவும் நீரில் கிருமிநாசினி இல்லை, ஒரு பழத்தின் தோலில் உள்ள கிருமி மற்றவற்றுக்கும் பரவலாம், இது சரியாகும்வரை வாங்குவதை நிறுத்தப் பரிந்துரைக்கிறேன், இன்றே உங்கள் ஒப்புதல் வேண்டும்” என்று தொடங்கினால், அவர் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். மதிப்பெண்ணைக் கீழே எங்காவது எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து வருவது, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட சரக்கின் கதி. பல குறிப்புகள் சறுக்குவது இங்கேதான். ஓசூரிலோ கோவையிலோ உள்ள ஒரு லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளலாம். 20.00 முதல் 20.02 மில்லிமீட்டர் வரை விட்டம் இருக்க வேண்டிய பின்களைக் கடைந்து தருகிறார்கள். ஆடிட்டில், ஆபரேட்டர் கையில் இருந்த மைக்ரோமீட்டரின் கேலிபரேஷன் கெடு தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது தெரிகிறது. உடனே அதை லேபுக்கு அனுப்பிச் சரிசெய்து, சான்றிதழை மெயிலில் அனுப்பிவிடுகிறார் சப்ளையர். குறை தீர்ந்தது என்று எழுதிவிடலாமா?

கூடாது. லேபில் சரிசெய்வதற்கு முன் அந்த மைக்ரோமீட்டர் என்ன காட்டியது என்று கேட்க வேண்டும். அது 0.01 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டியிருந்தால், 20.03 அளவுள்ள பின்னும் 20.02 என்று காட்டித் தேறியிருக்கும். சந்தேகம் கெடு தாண்டிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்தக் கருவி கடைசியாகச் சரியாக இருந்ததாகச் சான்று உள்ள நாளிலிருந்தே தொடங்குகிறது. ஓராண்டு கெடு என்றால், பதினான்கு மாத உற்பத்தி கேள்விக்குள்ளாகிறது. அதில் எத்தனை பின்கள் சப்ளையரிடம் உள்ளன, எத்தனை லாரியில் வருகின்றன, எத்தனை நம் ஸ்டோரில் இருக்கின்றன, எத்தனை பொருத்தப்பட்டு வெளியே போய்விட்டன? இந்த நான்கு எண்களும் மேலாளரின் தாளில் இருந்தாக வேண்டும். ஓர் எண் கிடைக்கவில்லை என்றால், யார் எப்போது தருவார் என்றாவது இருக்க வேண்டும்.

இவ்வளவும் தற்காலிகத் தடுப்புதான். கெடு ஏன் தவறியது என்பது தனிக் கேள்வி. “ஆபரேட்டரின் கவனக்குறைவு, பயிற்சி அளித்தோம்” என்ற பதில் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். பெரும்பாலும் யாரும் காரணத்தைத் தேடவில்லை என்பதற்கு அடையாளம் அது. தோண்டிப் பார்த்தால் வேறு ஒன்று வெளிப்படலாம்: அவசரத்துக்கு வாங்கிய மைக்ரோமீட்டர் பதிவேட்டில் ஏறவே இல்லை, அதனால் அதன் கெடு யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் அதே பட்டறையில் பதிவேட்டில் இல்லாத வேறு கருவிகளும் இருக்கலாம். எண் பொறிக்காத, ஸ்டிக்கர் ஒட்டாத கருவி எதுவும் மிஷின் பக்கம் வரக் கூடாது என்பதே சரியான நடவடிக்கை.

அதைச் சரிபார்க்கச் சான்றிதழ் நகல் போதாது. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருவர் நேரில் போய், மிஷின் பக்கம் கிடக்கும் ஐந்து கருவிகளை எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். போகப்போகிறவரின் பெயரும் தேதியும் குறிப்பிலேயே இருக்கட்டும். “தரப் பிரிவு பார்த்துக்கொள்ளும்” என்று எழுதினால் பொறுப்பு யார் தலையிலும் விழாது.

ஒரு நாள் ஆடிட் என்பது சாம்பிள் பார்ப்பதுதான். இரவு ஷிஃப்டைப் பார்க்கவில்லை, பின்களுக்கு வெளியே கொடுத்துச் செய்யும் ஹீட் ட்ரீட்மென்ட் நடக்கும் இடத்துக்குப் போகவில்லை என்றால், அதையும் தாளின் அடியில் இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். அடுத்த ஆர்டரைக் கூட்டுவதா, அதற்கு முன் அந்த இடத்துக்கு ஆள் அனுப்புவதா என்று மேலாளர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.