பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல்

ஜெர்மனியில் ஆராய்ச்சி உதவியாளர் பணிக்கான விளம்பரத்தில் பெரும்பாலும் ஒரு குறிப்பு எண் இருக்கும். மின்னஞ்சலின் தலைப்பில் அதை எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று மொட்டையாகத் தொடங்கினால், பலருக்கும் போன கடிதம் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். பெயரைச் சொல்லி அழைத்து, அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் முதுகலை ஆய்வோடு பொருந்துகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். மண் ஈரத்தை அளந்தவர் என்றால், எத்தனை மாதம் அளந்தீர்கள், எந்தக் கருவியால் என்பதையும் சொல்லுங்கள்.

விண்ணப்பக் கடிதம், தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி இணையுங்கள். மதிப்பெண் முறையை விளக்கும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். நமக்கு 10-க்கு 9 உயர்வு, ஜெர்மனியிலோ 1.0தான் முதலிடம், 4.0 கடைசித் தேர்ச்சி.