மருந்தால் பிழைத்தார்களா, தற்செயலா?

1947-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மிக அரிதான மருந்து. காசநோயாளிகள் எல்லோருக்கும் போட அது போதாது. அதனால் அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒரு சோதனை நடத்தியது. யாருக்கு ஊசியோடு படுக்கை ஓய்வு, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மூடிய உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. இந்த முறையை வகுத்தவர் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். ஆறு மாத முடிவு 1948-ல் வெளியானது. அதை இருவழி அட்டவணையாக எழுதினால் இப்படி இருக்கும்:

| | இறந்தவர் | பிழைத்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| ஊசி போட்டவர் | 4 | 51 | 55 |
| ஓய்வு மட்டும் | 14 | 38 | 52 |
| மொத்தம் | 18 | 89 | 107 |

பார்த்தவுடன் மருந்து வேலை செய்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் சந்தேகப்படுகிறவர் ஒரு கேள்வி கேட்பார். ஊசியில் ஒரு பயனும் இல்லை, அந்த 18 பேர் எப்படியும் இறந்திருப்பார்கள், அவர்களில் அதிகம் பேர் ஓய்வுப் பிரிவில் விழுந்தது சீட்டு செய்த வேலை என்றால்?

அந்தச் சந்தேகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்கைத் தொடங்குவதுதான் கை-வர்க்கச் சோதனை. மருந்து பயனற்றது என்றால் இரு பிரிவிலும் ஒரே விகிதத்தில் சாவு நிகழ வேண்டும். 107 பேரில் 18 பேர் என்ற விகிதத்தை ஊசி போட்ட 55 பேருக்குப் பொருத்துவோம்: 55 × 18 ÷ 107 = 9.25. அந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை இதுதான். எந்தக் கட்டத்துக்கும் வழி ஒன்றே: அதன் வரிசை மொத்தத்தையும் பத்தி மொத்தத்தையும் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுக்க வேண்டும். கால் ஆள் எப்படி இறப்பார் என்று திகைக்க வேண்டாம். இது சராசரி, முழு எண்ணாக்க முயலக் கூடாது.

ஒரு கட்டம் தெரிந்தால் மற்ற மூன்றும் கழித்தாலே கிடைக்கும். இறந்தவர் மொத்தம் 18, அதில் 9.25 போக ஓய்வுப் பிரிவுக்கு 8.75. பிழைத்தவர்களுக்கு 45.75, 43.25. மொத்தங்களைக் கட்டிவைத்துவிட்டால் இந்த அட்டவணையில் ஒரே ஒரு எண்தான் சுதந்திரமாக மாற முடியும். கட்டின்மைக் கூறு 1 என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

இனி, நடந்தது எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது? நான்கு கட்டத்திலும் விலகல் 5.25. ஆனால் 9 பேரை எதிர்பார்த்த இடத்தில் 5 பேர் குறைவது பெரிய விஷயம். 46 பேரை எதிர்பார்த்த இடத்தில் 5 பேர் கூடுவது அவ்வளவு பெரிதல்ல. அதனால் விலகலின் வர்க்கத்தை எதிர்பார்ப்பு எண்ணிக்கையால் வகுக்கிறோம். கிடைப்பவை 2.98, 3.15, 0.60, 0.64. கூட்டினால் ஏறக்குறைய 7.4. மருந்து பயனற்றதாக இருந்தால் இந்தக் கூட்டுத்தொகை 3.84-ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து தடவை, 6.63-ஐத் தாண்டுவது நூற்றில் ஒரு தடவை. 7.4 அதையும் தாண்டிவிட்டது. சீட்டின் மேல் பழி போடுவது இனி கடினம்.

தொடங்குகிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் குறைந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது என்பது நடைமுறை விதி. நம் அட்டவணையில் 4 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. அது நடந்த எண்ணிக்கை. விதி பார்ப்பது 9.25-ஐ, மிகச் சிறியதான 8.75-ஐ, இரண்டும் தேறுகின்றன.

இன்னொன்று இதைவிட மோசம். ஆட்களின் எண்ணிக்கைக்குப் பதிலாகச் சதவீதத்தைக் கட்டத்தில் போடுவது. 7, 93, 27, 73 என்று எழுதிக் கணக்கிட்டால் விடை 14-ஐத் தாண்டும். இருப்பவர்கள் 107 பேர்தான்; சதவீதம் அவர்களை 200 பேராக்கிவிட்டது. இல்லாத ஆட்களின் சாட்சியத்தைச் சேர்த்துக்கொண்ட விடை அது.

7.4 என்ற எண் ஆறு மாதக் கதையை மட்டுமே சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தபோது, ஊசி போட்ட 55 பேரில் 32 பேரும் மற்ற 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தார்கள். இப்போது இறந்தவர் மொத்தம் 67. ஊசிப் பிரிவின் எதிர்பார்ப்பு 55 × 67 ÷ 107, அதாவது 34.4. நடந்தது 32. நான்கு கட்டங்களையும் கூட்டினால் கை-வர்க்கம் 0.95, 3.84-க்கு வெகு கீழே. மருந்து வீண் என்று இது நிரூபிக்கவில்லை. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்கிறது. ஏன் இப்படி ஆனது என்று அட்டவணை சொல்லாது. அதை ஆய்வகம் சொன்னது: ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்ததில், பல நோயாளிகளின் உடலிலிருந்த கிருமிகள் அந்த மருந்தை எதிர்த்து வாழப் பழகிவிட்டிருந்தன. அடுத்து நடந்த சோதனையில் பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது.