போல்ட் அறுமா, தகடு கிழியுமா?

ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி, துளையிட்டு, போல்ட் போட்டு முறுக்கினால் அது ‘லேப் ஜாயிண்ட்’. இரு பக்கமும் இழுத்தால் முதலில் எது போகும்? போல்ட் குறுக்கே வெட்டுப்படலாம். போல்ட் அழுத்தி, துளையின் ஓரம் நசுங்கலாம். துளைகள் இருக்கும் வரிசையில் தகடே கிழியலாம். மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டு, மிகக் குறைவாக வருவதையே இணைப்பின் வலுவாகக் கொள்ள வேண்டும்.

140 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள சாதாரண எஃகுத் தகடுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். 20 மி.மீ. போல்ட்டுகள் நான்கு, அகலவாக்கில் இரண்டு, நீளவாக்கில் இரண்டு. துளை 22 மி.மீ., துளைகளுக்கிடையே 60, விளிம்புக்கு 40. தாங்க வேண்டிய இழுப்பு 200 கிலோநியூட்டன், அதாவது சுமார் 20 டன். கணக்கு இந்தியத் தர விதி IS 800:2007-இன்படி.

முதலில் வெட்டு. மரை உள்ள இடத்தில் போல்ட்டின் பரப்பு 245 சதுர மி.மீ.தான். 4.6 தர போல்ட் ஒன்று 45 கிலோநியூட்டன் தாங்கும்; நான்குக்கும் 181. அடுத்து நசுக்கம்: ஒரு துளைக்கு 99, நான்குக்குச் சுமார் 398. கடைசியாகக் கிழிசல்: 140 மி.மீ. அகலத்தில் இரு துளைகள் 44-ஐத் தின்றுவிடுகின்றன. மிஞ்சும் 96 மி.மீ. தாங்குவது 283.

குறைவானது 181. 200-க்குப் போதாது, போல்ட்டே அறும்.

4.6-க்குப் பதில் 8.8 தர போல்ட்டைப் போட்டால் வெட்டு வலு இரட்டித்து 362 ஆகும். இணைப்பின் வலு இரட்டிக்குமா? இல்லை. இப்போது தகட்டின் 283 முந்திக்கொள்கிறது. இதற்கு மேல் எவ்வளவு உயர்ந்த போல்ட்டைப் போட்டாலும் பயனில்லை. பழைய போல்ட்டுகளையே நீளவாக்கில் இன்னொரு வரிசை சேர்த்தாலும் வெட்டு வலு 272 ஆகிவிடும். குறுக்கே துளை கூடாததால் கிழிசல் வலு மாறாது.

விளிம்பு தூரத்தையும் பார்க்க வேண்டும். துளை 40-க்குப் பதில் 30 மி.மீ.யில் விழுந்தால் அந்தத் துளையின் நசுக்க வலு 99-இலிருந்து 75-ஆக இறங்கி, 8.8 போல்ட்டின் 90-க்கும் கீழே போகும். இயந்திரத்தில் வெட்டிய விளிம்புக்குத் துளை விட்டத்தின் ஒன்றரை மடங்கு, இங்கே 33 மி.மீ., கட்டாயம் என விதி சொல்வது இதனால்தான். நசுக்கத்தைக் கண்ணால் பிடிக்கலாம்: வட்டத் துளை இழுபடும் பக்கம் நீளும். போல்ட் அறுவது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நேரும்.

283-க்கு மேல் வேண்டுமென்றால் கைவைக்க வேண்டியது தகட்டில். தடிமனை 12 மி.மீ. ஆக்கினால் கிழிசல் வலு 340, 8.8 போல்ட்டுகள் நான்கே அதற்குப் போதும்.