காலரைத் தெரிந்த கருவிக்குப் பட்டன் பட்டி தெரியவில்லை

எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் கருவியிடம் ஒரு சட்டை கேட்டுப் பாருங்கள். காலரைப் பெரும்பாலும் சரியாகப் போட்டுவிடும். பட்டனும் காஜாவும் வரும் பட்டியை, அதாவது ‘பிளாக்கெட்’டைக் குறிப்பிட்டுக் கேட்டால் தடுமாறும். கீழ் மடிப்பான ‘ஹெம்’ எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினால் அதைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். மூன்றுமே எந்தத் தையல்காரருக்கும் அன்றாடச் சொற்கள்தான்.

இந்தக் கருவிகள் தையல் படித்து வந்தவை அல்ல. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்பை எடுத்துக்கொள்வோம். நாம் எழுதுவதை அதற்குப் புரியவைப்பது ‘கிளிப்’ என்ற பகுதி. ஓபன்ஏஐ 2021இல் வெளியிட்ட கிளிப், இணையத்தில் படங்களோடு சேர்ந்து கிடந்த வாசகங்களைக் கொண்டு, சுமார் 40 கோடி ஜோடிகளில் பழகியது. ஆடைப் படத்தோடு வரும் வாசகத்தைப் பெரும்பாலும் கடைக்காரர்தான் எழுதியிருப்பார். ‘போலோ டீ-ஷர்ட்’, ‘பஃப் கை’, ‘பீட்டர் பான் காலர்’ என்று வாங்குபவர் தேடும் பெயர்களை எழுதுவாரே தவிர, பட்டி எத்தனை அங்குலம், மடிப்பு எப்படி என்றெல்லாம் எழுதமாட்டார். படத்தில் பட்டி இருந்தும் வாசகத்தில் அதன் பெயர் இல்லாததால், கருவி இரண்டையும் இணைத்துப் பார்க்கக் கற்கவில்லை.

இந்தப் பாரபட்சம் ஆய்வுலகிலும் உண்டு. படத்தில் ஆடைகளை இனம்காணக் கணினியைப் பழக்குவதற்காக 2020இல் வந்த ஃபேஷன்பீடியா தொகுப்பு, ஆடையின் பாகங்கள், அலங்காரங்கள் என 19ஐப் பிரித்துக் குறித்திருக்கிறது. காலர், கை, பாக்கெட், ஜிப், குஞ்சம்கூட இருக்கின்றன. பிளாக்கெட்டும் ஹெம்மும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு காரணம் அளவு. 512 புள்ளி அகலமும் உயரமும் உள்ள படத்தை இந்தக் கருவி நேரடியாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளை ஒரு கட்டமாகச் சுருக்கி, 64க்கு 64 கட்டங்களில் வேலை செய்கிறது. 170 செ.மீ. உயர ஆள் தலை முதல் கால் வரை படத்தில் நின்றால், ஒரு கட்டம் ஏறக்குறைய 3 செ.மீ. சட்டையின் பட்டியும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். ஒரே ஒரு கட்டத்துக்குள் பட்டி, பட்டன், தையல் மூன்றும் தெளிவாக வர வழியே இல்லை. கழுத்து முதல் தொடை வரை மட்டும் கேட்டால் கட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. வரும், பட்டிக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

ஒரு குர்தாவை வைத்தே பார்க்கலாம். ஆடை வடிவமைப்பு தெரிந்தவர் இப்படித்தான் எழுதுவார்:

```
man in white kurta, red mandarin collar,
concealed placket, curved hem
```

இதில் சிக்கல் வரக்கூடிய இடங்கள் மூன்று. காலருக்குச் சொன்ன சிவப்பு பட்டனுக்கும் கைக்கும் பரவலாம். எந்த நிறம் எந்தப் பாகத்துக்கு என்று பிரித்துப் பிடிப்பதில் கிளிப் பலவீனமானது. ‘மாண்டரின்’ என்ற பெயர் சீன உடைகளின் முடிச்சுப் பட்டனையும் சேர்த்து இழுத்து வரலாம். கடைசி இரண்டு சொற்களும் படத்தில் எதையுமே மாற்றாமல் போகலாம். அதையே கண்ணுக்குத் தெரிவதாக மாற்றி எழுதலாம்:

```
white kurta, narrow band collar,
plain front, no visible buttons,
rounded bottom edge at mid-thigh,
front view, neck to thigh
```

சிவப்பை இங்கே வேண்டுமென்றே விட்டுவிட்டேன். காலருக்கு மட்டும் நிறம் வேண்டுமானால், படம் வந்த பிறகு அந்த இடத்தை மட்டும் தேர்ந்து மாற்றுவதே நல்லது. இதிலும் ஓர் இடறல் உண்டு: ‘இல்லை’ என்பதைக் கிளிப் சரியாகப் பிடிப்பதில்லை, ‘பட்டன்’ என்ற சொல்லைக் கண்டாலே பட்டனைப் போட்டுவிடக்கூடும். அப்படி வந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, வேண்டாதவற்றுக்கென்று உள்ள `Negative prompt` பெட்டியில் `buttons` என்று எழுதவேண்டும்.

ஒரு சொல் வேலை செய்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. `Seed` எண்ணை மாற்றாமல், அந்தச் சொல்லோடு ஒரு படமும் அது இல்லாமல் ஒரு படமும் எடுங்கள். அந்தச் சொல் குறிக்கும் இடம் இரண்டிலும் ஒரேமாதிரி இருந்தால் கருவிக்கு அந்தச் சொல் எட்டவில்லை. வேறு சில எண்களிலும் இதையே செய்து பார்த்த பிறகுதான் முடிவுக்கு வரவேண்டும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் மூன்றாம் பதிப்பில் கிளிப்போடு டி5 என்ற மொழி மாதிரியும் சேர்ந்திருப்பதால், நீண்ட வாக்கியங்களையும் நிறப் பங்கீட்டையும் அது மேலாகப் பிடிக்கிறது. ஆனாலும் படத்தில் வரும் பட்டன்களை எண்ணியோ பட்டியின் அகலத்தை அளந்தோ துணி வெட்டிவிடக் கூடாது. கட்டிங் மாஸ்டருக்கு அளவு எழுதிய கைவரைபடத்தைத் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும்.