ஜப்பானிய பையர் வரும் நாளில் ஒரு வரவேற்புரை

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து பையர் குழு வரும்போது, முதலாளி தமிழிலேயே வரவேற்றுப் பேசுவது நல்லது. தொழிலில் ஊறிய மனிதர் தன் மொழியில் பேசும்போதுதான் தயங்காமல் பேசுவார். கூட நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதை ஜப்பானிய மொழியில் சொல்லிவிடுவார். ஆனால் நம் மேடை வழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி 'அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் கேட்பவர்கள் களைத்துப்போவார்கள். குழுத் தலைவரின் பெயரைச் சொல்லி, மற்றவர்களைச் சேர்த்து வணங்கிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிடலாம். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் மொழிபெயர்ப்பாளரும் எதையும் விடாமல் சொல்வார்.

சிக்கல் தொழில்நுட்பச் சொற்களில்தான் வரும். "எங்கள் துணி 180 ஜிஎஸ்எம்" என்று முதலாளி சொல்கிறார். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம் என்பது அதன் பொருள். வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைக்கிறார்கள். அது 1.8 கிராம் இருந்தால், நூறால் பெருக்கி 180 என்று எழுதுகிறார்கள். இதுவரை குழப்பமில்லை. ஆனால் பின்னலாடைத் துணி துவைத்தால் சுருங்கும். நீளத்திலும் அகலத்திலும் 5 சதவீதம் சுருங்கினால், அதே துணி ஒரு சதுர மீட்டருக்கு 199 கிராம் ஆகிவிடும். நூல் கூடவில்லை, பரப்பு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். முதலாளி துவைக்காத துணியைச் சொல்ல, பையர் துவைத்த துணி என்று எழுதிக்கொண்டால் பின்னால் சாம்பிளை எடை போடும்போது தகராறு வரும். அதனால் உரையில் அந்த வரி இப்படி இருக்கட்டும்:

"நீங்கள் தொட்டுப் பார்க்கும் இந்தத் துணி, சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்தது, இன்னும் துவைக்கவில்லை. இந்த நிலையில் ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடையுள்ளது. துவைத்த பிறகு வரும் எடையையும் சுருக்கத்தையும் லேப் அறையில் காட்டுகிறோம்."

சொல் தெரியாத மொழிபெயர்ப்பாளரும் இதைத் தவறாகச் சொல்ல வழியில்லை.

ஜப்பானியர்கள் மிகக் கூர்ந்து கேட்பது ஊசி பற்றிய பேச்சை. ஒரு குழந்தைச் சட்டையில் ஊசி முனை ஒன்று கிடந்தால் அந்தக் கடைக்கே பெயர் கெட்டுவிடும். "எங்களிடம் நீடில் டிடெக்டர் இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது போதாது. முதலில் தையல் வரிசையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்துகிறார். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒட்டி முழு ஊசியாகச் சேருகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுகிறார்கள். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கே இருந்த பீஸ்களை ஒதுக்கிவைத்துச் சோதிக்கிறார்கள்.

பேக்கிங்குக்கு முன் டிடெக்டர். அதில் "1.0" என்று சொல்லும் எண்ணுக்கு அர்த்தம், 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டு பதித்த சோதனை அட்டையை அனுப்பினால் மெஷின் நின்று ஒலி எழுப்ப வேண்டும் என்பது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இந்த மெஷின் காந்தத்தால் இரும்பை உணர்வது. பித்தளைத் துண்டும் பிளாஸ்டிக்கும் அதற்குத் தெரியாது. அதை மறைக்காமல் சொல்வதே என் பார்வையில் அந்த உரையின் மிக முக்கியமான இடம்:

"ஊசி போன்ற இரும்புத் துண்டை இந்த மெஷின் கண்டுபிடிக்கும். பித்தளையும் பிளாஸ்டிக்கும் கைச் செக்கிங்கில்தான் பிடிபடும். சோதனை அட்டையை இப்போது உங்கள் கையாலேயே அனுப்பிப் பாருங்கள்."

பையர் அட்டையை வைத்து, மெஷின் நிற்பதைப் பார்த்துவிட்டால் அங்கே மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை.

கடைசியாக, எண்கள். நாம் லட்சத்தில் எண்ணுகிறோம். ஜப்பானியர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். "மாதம் 5 லட்சம் பீஸ்" என்பது அவர்கள் கணக்கில் ஐம்பது பத்தாயிரம். மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் ஐந்து பத்தாயிரம் என்றால் கம்பெனியின் உற்பத்தி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காற்புள்ளி போடும் இடமும் வேறு: நமக்கு 5,00,000, அவர்களுக்கு 500,000. எண்ணை வாயால் சொல்லும்போதே திரையில் அவர்கள் முறைப்படி எழுதிக் காட்டிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் கையில் உரை இரண்டு நாள் முன்பே போய்ச் சேரட்டும். கட்டிங், தையல், செக்கிங் எல்லாவற்றையும் அவருக்கு ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். அதோடு, உரையில் உள்ள எண்கள் ஆர்டர் தாளில் உள்ளவைதானா என்று மெர்ச்சண்டைசரை ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். பையர் அந்த எண்களைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டு போவார்.