உண்ணாநிலைக் குளுக்கோசுப் பிறழ்வும் குளுக்கோசு தாங்குதிறன் குறைபாடும்

உண்ணாநிலைக் குளுக்கோசுப் பிறழ்வு, குளுக்கோசு தாங்குதிறன் குறைபாடு ஆகிய இரண்டும் இரத்தத்தில் குளுக்கோசின் அளவு இயல்பைக் கடந்தும் நீரிழிவு நோயின் எல்லையை எட்டாமலும் இருக்கும் நிலைகளாகும். இரண்டும் நீரிழிவு முன்நிலை என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், ஒரே பழுதின் இரு அளவீடுகள் அல்ல. முதலாவது, இரவு முழுவதும் உண்ணாமல் இருந்தவரின் இரத்தத்தில் அறியப்படுவது. இரண்டாவது, குளுக்கோசுக் கரைசலைக் குடித்து 2 மணி நேரம் கழித்து அறியப்படுவது. இதனால் ஒருவருக்கு ஒன்று மட்டும் இருந்து மற்றொன்று இல்லாதிருப்பது பரவலாகக் காணப்படுகிறது.

## வரையறை

இரண்டையும் ஒருங்கே அறிய உதவுவது வாய்வழிக் குளுக்கோசு தாங்குதிறன் சோதனை ஆகும். இதில் குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருந்தவரிடம் முதலில் இரத்தம் எடுக்கப்படும். பின்னர் 75 கிராம் குளுக்கோசு 250 முதல் 300 மில்லிலீட்டர் நீரில் கரைக்கப்பட்டு, ஏறத்தாழ 5 நிமிடங்களுக்குள் குடிக்கக் கொடுக்கப்படும். குடிக்கத் தொடங்கியதிலிருந்து 2 மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கப்படும்.

2 மணி நேர அளவு ஒரு டெசிலீட்டருக்கு 140 முதல் 199 மில்லிகிராம் வரை (இனி மி.கி.) இருப்பின் அது தாங்குதிறன் குறைபாடு ஆகும். உண்ணாநிலை அளவைப் பொறுத்தவரை இரு வரையறைகள் வழக்கில் உள்ளன. இப்பிரிவை 1997 இல் அறிமுகப்படுத்திய அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதன் கீழ் எல்லையை 110 மி.கி. என வகுத்து, 2003 இல் 100 மி.கி. ஆகக் குறைத்தது. உலக சுகாதார அமைப்பு 110 மி.கி. என்பதையே பின்பற்றுகிறது. மேல் எல்லை இரண்டிலும் 125 மி.கி. ஆகும். எனவே உண்ணாநிலை அளவு 104 மி.கி. உடைய ஒருவர் ஒரு வரையறையின்படி பிறழ்வு உடையவர், மற்றொன்றின்படி இயல்பானவர். இது எல்லைக்கோட்டினால் எழும் முரண்பாடு. கீழே விளக்கப்படுவது உடலியக்கத்தினால் எழும் முரண்பாடு ஆகும்.

## இரண்டும் வேறுபடுவதற்கான காரணம்

இரவில் உணவு இல்லாதபோதும் மூளைக்குத் தொடர்ந்து குளுக்கோசு தேவை. அதைப் பெரும்பாலும் கல்லீரலே இரத்தத்தில் விடுகிறது. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 மி.கி. என்பது இதன் இயல்பான வீதம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் ஆகும். கணையம் சிறிதளவாகச் சுரக்கும் இன்சுலின் இவ்வெளியீட்டை அடக்கி வைக்கிறது. கல்லீரல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாதபோது வெளியீடு கூடி, காலை அளவு உயர்கிறது. உண்ணாநிலைக் குளுக்கோசுப் பிறழ்வின் முதன்மைக் காரணம் இதுவே. இந்நேரத்தில் தசைகள் மிகக் குறைந்த குளுக்கோசையே எடுத்துக்கொள்வதால், தசையில் பழுது இருந்தாலும் அது காலை அளவில் பெரிதும் வெளிப்படுவதில்லை.

குளுக்கோசைக் குடித்த பின் நிலைமை மாறுகிறது. குறுகிய நேரத்தில் குடலிலிருந்து வரும் குளுக்கோசின் பெரும்பங்கைத் தசைகள் உள்வாங்க வேண்டும். அதற்கு இன்சுலின் விரைவாகச் சுரக்க வேண்டும், சுரந்ததற்குத் தசை பணியவும் வேண்டும். தாங்குதிறன் குறைபாடு உடையவர்களிடம் தசையின் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருக்கிறது. கல்லீரல் ஏறக்குறைய இயல்பாகவே இயங்குவதால் காலை அளவு ஒழுங்காக இருக்கும்.

இன்சுலின் சுரப்பிலும் வேறுபாடு உண்டு. உண்ணாநிலைப் பிறழ்வில் குடித்த முதல் அரை மணி நேரச் சுரப்பு குன்றியிருக்கும், பிந்தைய சுரப்பு போதுமானதாக இருக்கும். தாங்குதிறன் குறைபாட்டில் முந்தைய சுரப்பும் பிந்தைய சுரப்பும் குன்றுகின்றன.

## எடுத்துக்காட்டு

கீழ்க்காணும் கற்பனையான இருவரின் அளவுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும்.

| நேரம் | முதலாமவர் (மி.கி.) | இரண்டாமவர் (மி.கி.) |
|---|---|---|
| உண்ணாநிலை | 116 | 92 |
| 30 நிமிடம் | 186 | 148 |
| 60 நிமிடம் | 190 | 180 |
| 120 நிமிடம் | 126 | 168 |

முதலாமவர் உயர்ந்த அளவிலிருந்து தொடங்குகிறார். முந்தைய இன்சுலின் போதாமையால் அரை மணி நேரத்தில் அளவு விரைந்து ஏறுகிறது. ஆனால் பிந்தைய சுரப்பும் தசையும் நன்கு இயங்குவதால், 2 மணி நேரத்தில் தொடக்க அளவுக்கு அருகே இறங்கிவிடுகிறது. இவருக்கு உண்ணாநிலைப் பிறழ்வு மட்டுமே உள்ளது. இரண்டாமவர் இயல்பான அளவில் தொடங்குகிறார், ஆயினும் ஏறிய அளவு இறங்க மறுக்கிறது. இவருக்குத் தாங்குதிறன் குறைபாடு மட்டுமே உள்ளது. வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் செய்திருந்தால் இரண்டாமவர் இயல்பானவர் என்றே அனுப்பப்பட்டிருப்பார்.

இருவரின் அளவும் 60 ஆவது நிமிடத்தில் உயர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2024 இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், 1 மணி நேர அளவு 155 மி.கி. அல்லது அதற்கு மேல் இருப்பதை இடைநிலை உயர்வாகக் கொள்ளப் பரிந்துரைத்தது.

## சோதனையினால் எழும் முரண்பாடுகள்

எல்லா முரண்பாடுகளும் உடலியக்கத்தினால் விளைவன அல்ல. சோதனைக்கு முந்தைய 3 நாட்களில் நாளொன்றுக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உண்டிருக்க வேண்டும். சோற்றைத் தவிர்த்துப் பட்டினி கிடந்தபின் சோதனைக்கு வருபவரின் 2 மணி நேர அளவு பொய்யாக உயரக்கூடும். மறுபுறம், எடுத்த இரத்தம் அறை வெப்பத்தில் காத்திருந்தால் அதிலுள்ள அணுக்கள் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குளுக்கோசைச் சிதைத்துவிடுகின்றன. 106 மி.கி. என்பது ஒரு மணி நேரத்தில் 100க்கு அருகே வந்துவிடலாம். புளோரைடு கலந்த குழாயும் முதல் ஒரு மணி நேரத்தில் இதை முழுமையாகத் தடுப்பதில்லை.

2 மணி நேர அளவு ஒரே நபரிடம் நாளுக்கு நாள் மாறுவது, உண்ணாநிலை அளவு மாறுவதைவிட மிகுதியாகும். ஆகவே எல்லைக்கு அருகிலுள்ள ஒற்றை முடிவை மீண்டும் சோதித்தே உறுதி செய்தல் வேண்டும். மேலும், காலை உணவுக்குப் பின் எடுக்கப்படும் வழக்கமான இரத்தச் சோதனை இதற்கு ஈடாகாது. இட்லியோ பொங்கலோ 75 கிராம் குளுக்கோசுக்கு நிகரான, அளவிடப்பட்ட சுமை அல்ல.

## சிகிச்சையில் இதன் இடம்

நீரிழிவைத் தடுக்க முடியும் என்பதற்கான சான்றுகள் பெரிதும் தாங்குதிறன் குறைபாடு உடையவர்களிடமிருந்தே கிடைத்தவை. 2006 இல் முடிவுகள் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், இக்குறைபாடு மறுசோதனையிலும் நீடித்த 531 பேர் சேர்க்கப்பட்டனர். வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு தோன்றுவதை 28.5 விழுக்காடு குறைத்தது.

2016 இல் வெளியான சென்னை ஆய்வொன்றில் வாழ்க்கைமுறைப் பயிற்சியுடன் தேவைப்பட்டோருக்கு மெட்பார்மினும் வழங்கப்பட்டது. இரு பழுதுகளும் உடையோரிடம் 36 விழுக்காடும், தாங்குதிறன் குறைபாடு மட்டும் உடையோரிடம் 31 விழுக்காடும், உண்ணாநிலைப் பிறழ்வு மட்டும் உடையோரிடம் 12 விழுக்காடும் குறைவு காணப்பட்டது. இவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை. எனினும் உடற்பயிற்சி முதன்மையாகத் தசையின் இன்சுலின் எதிர்ப்பைக் குறைப்பதால், பழுது கல்லீரலில் இருப்பவருக்கு அதே பயன் கிட்டுமா என்பது தொடர்ந்து ஆராயப்படுகிறது. இரு பழுதுகளும் ஒருங்கே உடையவரே நீரிழிவுக்கு விரைவாகச் செல்லும் வாய்ப்பு மிகுந்தவர் ஆவார்.